ஒரு ஸ்லைடுக்கு எத்தனை வினாடி பேசலாம்?

*சந்திர கிரகணம் ஏன் எல்லாப் பௌர்ணமிக்கும் வருவதில்லை என்று 6 ஸ்லைடில் ஒரு விளக்க வீடியோ செய்தேன். மொத்தம் 360 சொல், 4 நிமிடம். ஸ்லைடு வாரியாக 18, 30, 36, 165, 90, 21 சொல். முதல் மூன்றும் பறக்கிறது, நாலாவது நகரவே மாட்டேன் என்கிறது என்றார்கள் பார்த்தவர்கள். சரி, எல்லாவற்றையும் 40 வினாடிக்குக் கொண்டுவருவோம் என்று முதல் மூன்றில் வசனம் சேர்த்து நாலாவதில் வெட்டினேன். இப்போது ஆரம்பம் இழுக்கிறது, நாலாவது புரியவில்லை. ஸ்லைடுக்கு எவ்வளவு பேசுவது என்று எப்படித்தான் முடிவு செய்வது? ஸ்கிரிப்ட்டையும் ஸ்லைடுகளையும் இணைத்திருக்கிறேன்.*

முதலில் அந்த 40 வினாடிப் பதிப்பை ஓரமாக வைத்துவிட்டு பழைய ஸ்கிரிப்ட்டை எடுங்கள். அதில்தான் சரக்கு இருக்கிறது. புதியதில் முதல் மூன்று ஸ்லைடுக்கு நீங்கள் சேர்த்த வாக்கியங்களைப் படித்தேன், எல்லாம் ஏற்கெனவே சொன்னதை வேறு சொற்களில் சொல்பவை. நாலாவதில் வெட்டியதோ நிழலின் அகலம், அதாவது முழு விளக்கமும் எதன் மேல் நிற்கிறதோ அந்தப் பகுதி.

எல்லா ஸ்லைடும் ஒரே நீளம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பார்ப்பவருக்கு உங்கள் ஸ்லைடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தெரியாது, அது உங்கள் ஃபைலில் மட்டும் இருக்கிற கணக்கு. அவர் உணர்வது இரண்டைத்தான்: திரை கடைசியாக மாறி எவ்வளவு நேரம் ஆயிற்று, இப்போது காதில் விழுவது கண் முன்னால் இருப்பதைப் பற்றித்தானா. 42 வினாடி நிற்கிற ஒரு ஸ்லைடில் நடுவே இரண்டு தடவை ஏதாவது புதிதாக வந்தால் அது அவருக்கு மூன்று சின்ன ஸ்லைடு மாதிரிதான். 25 வினாடி ஸ்லைடில் எதுவுமே அசையாமல், பேச்சு மட்டும் படத்தை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தால் அதுதான் நீளமாகத் தெரியும். அதனால் எண்ண வேண்டியது ஸ்லைடுகளை அல்ல, திரை மாற்றங்களை. புதிய ஸ்லைடு வருவது ஒரு மாற்றம், அதற்குள் ஒரு அம்புக்குறி வருவது, ஒரு பகுதி நிறம் மாறுவது, ஒரு எண் தோன்றுவது எல்லாம் ஒவ்வொரு மாற்றம். இரண்டு மாற்றங்களுக்கு நடுவே 10 முதல் 20 வினாடிக்குள் பேச்சு அடங்கினால் ஓட்டம் சீராக இருக்கிறது. இது நான் பதிவு செய்து பார்த்து வந்து சேர்ந்த அளவு, விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மிக எளிய விஷயத்துக்கு 10, சிரமமான படத்துக்கு 20, அதற்கு மேல் போனால் நான் ஸ்கிரிப்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன்.

அப்புறம் வேகம். 360 சொல்லை 4 நிமிடத்தில் பேசியிருக்கிறீர்கள், அதாவது நிமிடத்துக்கு 90, வினாடிக்கு ஒன்றரைச் சொல். வாக்கியங்களுக்கு நடுவே மூச்சு விட்டது எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு, அதனால் பயன்படுத்த வசதியானது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நிமிடத்துக்கு 150 சொல் என்று எங்காவது படித்துவிட்டு அதை வைத்துத் திட்டமிடுகிறவர்கள் நிறைய பேர். அது ஆங்கிலத்துக்குச் சொன்ன அளவு. தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே வேற்றுமை, காலம், இடம், எண் எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. "நகர்ந்துகொண்டிருக்கிறது" என்பது ஒரே சொல், சொல்லி முடிக்க ஒரு வினாடிக்கு மேல் ஆகிறது. 150ஐ நம்பி 5 நிமிடத்துக்கு 750 சொல் எழுதினால், உங்கள் வேகத்தில் அது 8 நிமிடம் 20 வினாடிக்குப் போய் நிற்கும். உடனே அவசரமாகப் படிப்பீர்கள், அந்த அவசரம் எல்லா ஸ்லைடிலும் ஒரே மாதிரி விழாது, எது உங்களுக்கு நன்றாகத் தெரியுமோ அதில்தான் அதிகம் விழும்.

சொல் எண்ணிக்கையிலும் தமிழில் ஒரு வழுக்கல் உண்டு. அதே சொல்லை "நகர்ந்து கொண்டு இருக்கிறது" என்று பிரித்து எழுதினால் மூன்று. உங்கள் ஸ்கிரிப்ட்டில் இரண்டு மாதிரியும் கலந்திருக்கிறது, நாலாவது ஸ்லைடில் நிறையப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தடவை வித்தியாசம் சின்னதுதான், அதனால் கீழே உங்கள் எண்ணிக்கையையே வைத்துக்கொள்கிறேன். இனி வரும் வீடியோக்களுக்கு எழுத்துகளை வைத்துக் கணக்கிடுவது மேல். எடிட்டர் காட்டுகிற எழுத்து எண்ணிக்கையில் "நிலா" இரண்டு என்று வரலாம், நான்கு என்றும் வரலாம், ஏனென்றால் யூனிகோடில் மேல்விலங்கும் காலும் தனித்தனிக் குறியீடு. எப்படி வந்தாலும் பரவாயில்லை, அளக்கும்போதும் திட்டமிடும்போதும் ஒரே எடிட்டரைப் பயன்படுத்தினால் விகிதம் மாறாது. ஒரு நிமிடம் உங்கள் இயல்பான குரலில் பதிவு செய்து, அதில் படித்த பகுதியின் எண்ணிக்கையை 60ஆல் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யப்போகிற அதே நடையில் எழுதிய பத்தியாக இருக்கட்டும். "இருக்கின்றன" என்று எழுத்து நடையில் படிக்கும் வேகம் வேறு, "இருக்கு" என்று பேசும் வேகம் வேறு. நடுவில் நடையை மாற்றினால் திரும்ப அளக்க வேண்டும்.

எண்கள்தான் பெரும்பாலும் கணக்கைக் கவிழ்ப்பவை. உங்கள் நாலாவது ஸ்லைடில் "3,474 கி.மீ." என்று இருக்கிறது. எண்ணும் மென்பொருளுக்கு அது இரண்டு சொல். வாய்க்கு "மூவாயிரத்து நானூற்று எழுபத்து நான்கு கிலோமீட்டர்", ஐந்து. அதே ஸ்லைடில் "3,84,400 கி.மீ." வேறு. இப்படி இரண்டு மூன்று எண்கள் சேர்ந்தால் ஸ்லைடு நீங்கள் நினைத்ததை விட ஐந்தாறு வினாடி நீண்டுவிடுகிறது, அதுவும் கேட்பதற்கு மிகக் கனமான ஐந்தாறு வினாடி. ஸ்கிரிப்ட்டில் எண்களை எழுத்தால் எழுதிவிட்டு எண்ணுங்கள், இல்லையென்றால் எண்ணைச் சுருக்குங்கள். இங்கே சுருக்குவதுதான் சரி. நிலாவின் குறுக்களவு சுமார் 3,500 கி.மீ., தூரம் சுமார் 3,84,000 என்றாலே உங்கள் விளக்கம் நிற்கும். ஆனால் குரலில் "மூவாயிரத்து ஐந்நூறு" என்று சொல்லிவிட்டுத் திரையில் 3,474 என்று விடாதீர்கள். காதும் கண்ணும் வேறு வேறு எண்ணைப் பிடிக்கிற அந்த நொடியில் பார்ப்பவர் எது சரி என்று நின்றுவிடுவார், அடுத்த வாக்கியம் அவருக்குப் போய்ச் சேராது.

இனி உங்கள் ஆறு ஸ்லைடையும் வினாடியாக்கிப் பார்க்கலாம். ஒன்றரையால் வகுத்தால் 12, 20, 24, 110, 60, 14. கூட்டினால் 240. இதைப் பார்த்ததும் கை தானாக 110ஐ வெட்டப் போகும், நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். வெட்டுவதற்கு முன்னால் அந்த 110க்குள் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் அது எதைப் பற்றியது என்று இரண்டு சொல்லில் குறித்துப் பார்த்தேன். நிலாவின் பாதை சாய்ந்திருக்கிறது. சாய்வு 5 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவு தூரத்தில் அந்தச் சாய்வு என்றால் நிலா மேலேயோ கீழேயோ 34,000 கி.மீ. வரை விலகலாம். நிலா இருக்கும் தூரத்தில் பூமியின் கருநிழல் சுமார் 9,000 கி.மீ. அகலம்தான். அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நிழலுக்கு மேலேயோ கீழேயோ போய்விடுகிறது. கடைசியில், நிலாவின் பாதை பூமியின் பாதைத் தளத்தை வெட்டும் கணுப் புள்ளிகள். இவ்வளவும் ஒரே படத்தின் மேல், ஒரே தடவையில் எல்லாக் கோடும் எல்லா எண்ணும் காட்டப்பட்டு, 110 வினாடி அசையாமல் நிற்கிறது. அது நகரவே மாட்டேன் என்றதற்குக் காரணம் இதுதான். பார்ப்பவர் முதல் பத்துப் பதினைந்து வினாடியில் படத்தில் இருக்கிற எல்லாவற்றையும் படித்து முடித்துவிடுகிறார், மீதி ஒன்றரை நிமிடமும் அவர் கண்ணுக்கு வேலை இல்லை. பேச்சை வேகப்படுத்தினாலும் இது தீராது.

இதில் வெட்டவேண்டியது ஒன்றே ஒன்று. தொடக்கத்தில் "ஆக, ஒவ்வொரு பௌர்ணமியிலும் பூமி நடுவில் இருக்கிறது என்று பார்த்தோம்" என்று மூன்றாவது ஸ்லைடைத் திரும்பச் சொல்லும் இரண்டு வாக்கியம், 24 சொல். முந்தைய ஸ்லைடு முடிந்து ஒரு வினாடிதான் ஆகிறது, யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கணுப் புள்ளிகள் பற்றிய 45 சொல்லை அடுத்த ஸ்லைடுக்குக் கொண்டுபோங்கள். கிரகணப் பருவம் ஏன் 173 நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று அங்கே பேசும்போதுதான் கணு தேவைப்படுகிறது, இங்கே அது அவசரப்பட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. மீதி 96 சொல், 64 வினாடி. அதைச் சாய்வு, நிழல் என்று இரண்டு ஸ்லைடாக்கினால் ஆளுக்கு 32. சாய்வு ஸ்லைடில் முதலில் பூமியின் பாதைத் தளம் மட்டும் நேர்கோடாக, 16 வினாடி கழித்து அதன் மேல் சாய்ந்த கோடும் 34,000 என்ற எண்ணும். நிழல் ஸ்லைடில் முதலில் 9,000 கி.மீ. வட்டம், பிறகு அதற்கு மேலே விலகிப் போகும் நிலா. அந்த வட்டத்தையும் நிலாவையும் ஒரே அளவுகோலில் வரையுங்கள், நிலா போல இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் பெரிய வட்டம். படமே பாதியைச் சொல்லிவிடும், பேச வேண்டியது குறையும்.

ஐந்தாவது ஸ்லைடில் வேறு மாதிரிச் சிக்கல். 90 சொல், 60 வினாடி, திரையில் ஐந்து வரிப் பட்டியல், நீங்கள் அந்த ஐந்து வரியையும் கிட்டத்தட்ட அப்படியே படிக்கிறீர்கள். மௌனமாகப் படிக்கும் கண் எப்போதும் சத்தமாகப் படிக்கும் வாயை முந்திவிடும். நீங்கள் இரண்டாவது வரியில் இருக்கும்போது அவர் ஐந்தாவதை முடித்துவிட்டு உங்களுக்காகக் காத்திருக்கிறார். பல்லூடகக் கற்றல் பற்றி ஆராய்ந்த ரிச்சர்ட் மேயர் இதைத் தனியாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார்: படமும் குரலும் இருக்கும்போது அதே சொற்களைத் திரையிலும் போட்டால் பெரும்பாலும் கற்றல் குறைகிறது. வேகத்தைப் பொறுத்தவரையும் அது கெடுதல், ஏனென்றால் அந்த ஸ்லைடில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது, நீங்கள் ஒன்றைத்தான் கட்டுப்படுத்துகிறீர்கள். பட்டியலை எடுத்துவிட்டு படம் போடுங்கள். நாலாவதிலிருந்து வந்த 45 சொல்லுடன் சேர்த்தால் இங்கே 135 ஆகிறது, ஒரே ஸ்லைடுக்கு அதிகம். கணுப் புள்ளிகளுக்கு ஒரு ஸ்லைடு, வந்த 45உடன் பழையதிலிருந்து 15 சேர்த்து 60 சொல். கிரகணப் பருவத்துக்கு மீதி 75, அதில் தேதிகளை வரிசையாகப் படிக்கும் 12 சொல் வேண்டாம், தேதிகள் திரையிலேயே இருக்கட்டும். 63 சொல்.

முதல் மூன்று ஸ்லைடுகள் பறப்பதாகச் சொன்னார்களே, அதில் உண்மையிலேயே பறப்பது இரண்டாவது மட்டும்தான். முதல் ஸ்லைடு கேள்வி, 12 வினாடி போதும். மூன்றாவது 24 வினாடி, நடுவில் "அப்படியென்றால் மாதம் ஒரு கிரகணம் வரவேண்டுமே" என்ற இடத்தில் படத்தின் மேல் ஒரு கேள்விக்குறி வந்தால் போதும். இரண்டாவதில் சூரியன், பூமி, நிலா, நிழல், இரண்டு பாதை, எல்லாம் ஒரே தடவை வருகிறது, குரலோ பௌர்ணமி என்றால் என்ன என்று பேசிக்கொண்டிருக்கிறது, நிழலைப் பற்றிக் கடைசி நாலு வினாடியில்தான் சொல்கிறது. அங்கே கண்ணுக்கு வேலை அதிகம், காதுக்கு நேரம் குறைவு. இப்படிப்பட்ட ஸ்லைடைக் கண்டுபிடிக்க நான் செய்வது ஒன்று: விஷயம் தெரியாத ஒருவரிடம் சத்தமில்லாமல் அந்த ஸ்லைடைக் காட்டி, எல்லாவற்றையும் பார்த்தாயிற்று என்று தோன்றியதும் "சரி" சொல்லச் சொல்வது. அவர் எடுத்துக்கொண்ட நேரம் அந்தத் திரைக்குத் தேவையான குறைந்தபட்சம். குரல் அதை விடச் சின்னதாக இருந்தால் அவசரம். அதை விட இரண்டு மூன்று மடங்கு போனால் தேக்கம். இந்தச் சோதனையை நீங்களே செய்துகொள்ள முடியாது, நீங்கள் வரைந்த படம் உங்களுக்கு ஒரு வினாடியில் புரிந்துவிடும்.

இரண்டாவது ஸ்லைடுக்கு என் யோசனை, முதலில் சூரியனும் பூமியும் நிழலும் மட்டும், 14 வினாடி கழித்து நிலா. கண்ணை நடத்திச் செல்ல ஒரு வாக்கியம் சேருங்கள், "இடது ஓரத்தில் சூரியன், பூமிக்குப் பின்னால் நீளும் கூம்புதான் அதன் நிழல்" என்பது போல, 9 சொல் போதும். நிலா வரும்போது இரண்டு வினாடி பேசாமல் இருங்கள். நீங்கள் முன்பு சேர்த்த நிரப்பு வாக்கியங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இது பார்ப்பவர் அந்த நொடியில் தேடிக்கொண்டிருக்கிற ஒன்றைச் சொல்கிறது.

எல்லாம் சேர்த்தால் இப்படி வருகிறது:

| ஸ்லைடு | சொல் | வினாடி | திரை மாற்றம் | ஒரு மாற்றத்துக்கு |
|---|---|---|---|---|
| 1 கேள்வி | 18 | 12 | 1 | 12 |
| 2 மூன்று கோளங்களும் நிழலும் | 39 | 28 | 2 | 14 |
| 3 மாதம் ஒன்று வரவேண்டுமே | 36 | 24 | 2 | 12 |
| 4 சாய்வு | 48 | 32 | 2 | 16 |
| 5 நிழலின் அகலம் | 48 | 32 | 2 | 16 |
| 6 கணுப் புள்ளிகள் | 60 | 40 | 3 | 13 |
| 7 கிரகணப் பருவம் | 63 | 42 | 3 | 14 |
| 8 முடிவு | 21 | 14 | 1 | 14 |

மொத்தம் 333 சொல், 224 வினாடி. ஸ்லைடுகளுக்கு நடுவே ஒவ்வொரு வினாடி இடைவெளி விட்டு, கடைசியில் மூன்று வினாடி சேர்த்தால் 3 நிமிடம் 54 வினாடி, கிட்டத்தட்ட பழைய நீளமே. ஸ்லைடுகளின் நீளம் 12 முதல் 42 வரை தாறுமாறாகத்தான் இருக்கிறது, ஆனால் அட்டவணையின் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள், 12க்கும் 16க்கும் நடுவே. சாய்வும் நிழலும் கொஞ்சம் மெதுவாகப் போகிறது, அது அப்படித்தான் போகவேண்டும், அங்கேதான் ஒருவர் தலையில் முப்பரிமாணப் படம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருப்பார். எல்லாவற்றையும் சரியாக 14 ஆக்க முயல வேண்டாம். அப்படிச் செய்தால் மெட்ரோனோம் மாதிரி ஒரு தாளம் காதில் விழ ஆரம்பித்துவிடும், நான் ஒரு முறை செய்து பார்த்து முழுவதையும் திரும்பப் பதிவு செய்யவேண்டி வந்தது.

மாற்றம் எந்தச் சொல்லில் வருகிறது என்பதையும் ஸ்கிரிப்ட்டிலேயே குறித்துவிடுங்கள், நான் ஒரு சாய்கோடு போடுவேன். "அதே நேரத்தில் நிலாவின் பாதை / சற்றுச் சாய்ந்திருக்கிறது" என்றால் "சாய்ந்திருக்கிறது" என்ற சொல்லுக்குச் சற்று முன்னால் கோடு வரவேண்டும். படம் சொல்லுக்கு அரை வினாடி முந்தி வந்தால் இயல்பாக இருக்கிறது, சொல்லி முடித்த பிறகு வந்தால் தாமதமாகத் தெரிகிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். வாக்கியம் நீளமாக இருந்தால் முக்கியமான சொல் கடைசியில் போய் நிற்கும், மாற்றமும் வாக்கியத்தின் கடைசியில் போய் நிற்கும், உடனே அடுத்த வாக்கியம் தொடங்கிவிடும், புதிதாக வந்ததைப் பார்க்க நேரமே இருக்காது. அந்த இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடைப்பது அல்லது ஒரு வினாடி நிறுத்துவது, இரண்டில் ஒன்று செய்யுங்கள்.

பதிவுக்கு வந்தால், ஒரு ஸ்லைடுக்கு ஒரு ஆடியோ ஃபைல். முழுவதையும் ஒரே மூச்சில் பதிவு செய்தால் நடுவில் ஒரு வாக்கியம் மாற்றினால் எல்லா நேரமும் நகர்ந்துவிடும். பவர்பாயிண்டிலேயே பதிவு செய்கிறீர்கள் என்றால் அது தானாகவே ஸ்லைடு வாரியாகத்தான் சேமிக்கும், ஒரு ஸ்லைடை மட்டும் திரும்பப் பதிவு செய்யலாம், `Slide Sorter` காட்சியில் ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் அதன் நேரம் தெரியும். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறும் அந்த டிரான்ஸிஷன் நேரத்தில் பவர்பாயிண்ட் குரலைப் பதிவதில்லை. பேசிக்கொண்டே அடுத்ததை அழுத்தினால் வாக்கியத்தின் வாலோ அடுத்ததன் தலையோ காணாமல் போகும், அதுவும் வேக ஓட்டத்தில் ஒரு தடுக்கலாகத்தான் கேட்கும். முடித்து ஒரு வினாடி, அழுத்தி, புதிய ஸ்லைடு நின்று ஒரு வினாடி, பிறகு பேச்சு.

தனி ஃபைல்களாக வைத்திருந்தால் உண்மையான நீளத்தை `ffprobe` என்ற கட்டளை சொல்லும்:

```
for f in slide*.wav; do
  echo "$f $(ffprobe -v error -show_entries format=duration -of csv=p=0 "$f")"
done
```

வருகிற எண்களைத் திட்டமிட்ட வினாடிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நான் முதலில் பார்ப்பது மொத்தத்தை அல்ல, எந்த ஸ்லைடு விலகியிருக்கிறது என்பதை. எல்லாமே 8 சதவீதம் நீண்டிருந்தால் அன்று நீங்கள் நிதானமாகப் பேசினீர்கள், அவ்வளவுதான், ஓட்டம் கெடவில்லை. ஏழு ஸ்லைடு சரியாக இருந்து ஒன்று மட்டும் 32க்குப் பதில் 26 வந்திருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள், கண்டிப்பாக அவசரம் கேட்கும். பெரும்பாலும் இது உங்களுக்கு மிகப் பிடித்த, பல தடவை சொல்லிப் பழகிய பகுதியாக இருக்கும். இன்னொரு வழக்கமான விலகல் கடைசி இரண்டு ஸ்லைடு, குரல் களைத்துப்போய் மெதுவாகும். தொண்டை ஆறிய பிறகு திரும்பப் பதிவு செய்வதுதான் அதற்கு வழி. மென்பொருளில் இழுத்துச் சரி செய்யலாமே என்று தோன்றும். ஆடாசிட்டியில் `Change Tempo` சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றுகிறது, மூன்று நாலு சதவீதம் வரை யாருக்கும் தெரியாது. 10க்கு மேல் போனால் மெய்யெழுத்துகள் மழுங்கிப்போய், பக்கத்து ஸ்லைடோடு ஒட்டாமல் தனியாகக் கேட்கிறது. 26ஐ 32 ஆக்க 20 சதவீதத்துக்கு மேல் இழுக்க வேண்டும், அது ஆகாது.

இடைவெளிகளை வெறும் மௌனத்தால் நிரப்பாதீர்கள். பதிவு தொடங்குமுன் பேசாமல் 20 வினாடி அறையின் சத்தத்தை மட்டும் பதிந்து வைத்துக்கொண்டு, இடைவெளி வேண்டிய இடத்தில் அதிலிருந்து வெட்டி வையுங்கள். ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு முழு மௌனம் என்பது குரல் அறுந்துபோனது மாதிரி இருக்கும், இரண்டு வினாடி நிறுத்தம் நாலு வினாடியாகத் தெரியும், நீங்கள் கணக்குப் போட்டு வைத்த வேகம் அங்கே உடையும்.

எல்லாம் சேர்த்த பிறகு இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். முதல் தடவை சத்தத்தை அடைத்துவிட்டுத் திரையை மட்டும், மாற்றம் வரும்போதெல்லாம் மேசையில் ஒரு தட்டு. தட்டுகளுக்கு நடுவே கை எங்காவது காத்திருந்தால் அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் குரலை மட்டும். "இங்கே பாருங்கள்", "இந்தக் கோடு" என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கோடு அந்த நேரத்தில் திரையில் இருக்கிறதா என்று பிறகு சரிபாருங்கள். உங்கள் பழைய பதிப்பில் "இந்தக் கூம்பு" என்ற சொல் கூம்பு போய்விட்ட ஸ்லைடின் மேல் விழுகிறது, 2 நிமிடம் 50 வினாடிக்குப் பக்கத்தில்.

முதல், மூன்றாவது, எட்டாவது ஸ்லைடுகளின் குரலைப் பழைய பதிவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள், அவற்றில் ஒரு சொல்லும் மாறவில்லை. முதலாவதையும் எட்டாவதையும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை மட்டும் 2, 4, 5 உடன் சேர்த்து ஒரே நாளில், மைக்கை நகர்த்தாமல் புதிதாகப் பதிவு செய்யுங்கள். கேள்வியிலிருந்து விடைக்குப் போகிற அந்த இரண்டு நிமிடத்தில் குரலின் தொனி மாறினால், வினாடிக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் வேகம் மாறியதாகத்தான் காதுக்குப் படும்.